ராத்திரி பன்னிரண்டே கால் வண்டி: 12 மணி நேரப் பட்டியலை 24 மணிக்கு மாற்றுவது எப்படி

பெங்களூருவில் ஷிஃப்ட் வேலை நடக்கும் கம்பெனிகளின் டிரான்ஸ்போர்ட் டெஸ்க்கில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே ஒரு வேலை வந்துவிடும். டீம் லீடர்கள் அனுப்பும் பிக்கப், டிராப் நேரங்கள் எல்லாம் AM, PM போட்டு வரும். வண்டி அனுப்பும் ஏஜென்சியோ 24 மணிக் கணக்கில்தான் பட்டியல் கேட்பார்கள். ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தர வேண்டும். 9:30 PM என்றால் 21:30 என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். சிக்கல் முழுவதும் 12-இல்தான் இருக்கிறது. நம் ஊர் டிரைவர் அண்ணன்கள் போன் பண்ணிக் கேட்கும் கேள்வியும் அதுதான்: "தம்பி, பன்னெண்டே கால்னு போட்டிருக்கே, பகலா ராத்திரியா?"

அந்தக் கேள்வி வராதபடி பட்டியலைத் தயார் செய்வதைப் பார்ப்போம். நான் கூகுள் ஷீட்ஸை வைத்துச் சொல்கிறேன். எக்செல்லிலும் இதே ஃபார்முலாக்கள் ஓடும்.

முதலில் கையால்

பலரும் மனதில் வைத்திருக்கும் விதி: "AM என்றால் அப்படியே விடு, PM என்றால் 12 கூட்டு." ஒன்று முதல் பதினொன்று வரை இது சரி. 12-க்கு இரண்டு பக்கமும் தப்பு. 12:20 PM-உடன் 12 கூட்டினால் 24:20 வரும், அது மதியம் இல்லை. 12:15 AM-ஐ அப்படியே விட்டால் 12:15, அது நள்ளிரவு இல்லை.

இதற்காக "12 மட்டும் விதிவிலக்கு, AM என்றால் 00, PM என்றால் 12" என்று தனியாக மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். அதைவிடச் சுலபமான வழி இருக்கிறது. 12 மணிக் கணக்கில் 12 என்ற எண் உண்மையில் பூஜ்யத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. 12:15-க்கு அப்புறம் வருவது 1:15, அப்புறம் 2:15. ஆகவே வரிசையின் தொடக்கம் 12தான். எனவே இரண்டு படிகள், இதே வரிசையில்:

முதல் படி, மணி 12 என்றிருந்தால் அதை 0 ஆக்குங்கள். இரண்டாவது படி, PM என்றால் 12 கூட்டுங்கள். அவ்வளவுதான். நிமிடத்தைத் தொட வேண்டியதில்லை.

12:20 PM முதலில் 0:20 ஆகும், PM என்பதால் 12 கூட்டினால் 12:20. 12:15 AM முதலில் 0:15 ஆகும், AM என்பதால் அங்கேயே நின்றுவிடும், 00:15. 9:30 PM-இல் 12 இல்லை, முதல் படி எதுவும் செய்யாது, இரண்டாவது படியில் 21:30. 5:40 AM இரண்டு படியிலும் மாறாது, முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்து 05:40 என்று எழுதினால் போதும். வரிசையை மாற்றி முதலில் கூட்டினீர்கள் என்றால் 24 வந்து நிற்கும். பட்டியலில் எங்காவது 24 என்று தொடங்கும் நேரத்தைப் பார்த்தால் யாரோ வரிசையை மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

சரியாக 12:00-க்கும் இதே இரண்டு படிதான். 12:00 PM நண்பகல், 12:00. 12:00 AM நள்ளிரவு, 00:00. கம்ப்யூட்டர் இதை இப்படித்தான் எடுத்துக்கொள்ளும். எழுதியவர் அப்படித்தான் நினைத்து எழுதினாரா என்பது வேறு விஷயம். நிமிடமே இல்லாமல் மொட்டையாக "12 PM" என்று யாராவது அனுப்பினால், அது டிராப் வண்டியாகவும் இருந்தால், ஒரு தடவை கேட்டுவிடுவது நல்லது. டிராப் என்பது வேலை முடிந்து வீட்டுக்குப் போவது. மதியம் 12-க்கு ஷிஃப்ட் முடியும் டீம் உங்கள் கம்பெனியில் இல்லையென்றால், அவர் ராத்திரியைத்தான் சொல்கிறார்.

ஒரு உண்மையான பட்டியல் எப்படி இருக்கும்

2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை ஷிஃப்டுக்கு இப்படி ஒரு பட்டியல் வாட்ஸ்அப்பில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

```
5.40am     பானஸ்வாடி          பிக்கப்
11:50 AM   அல்சூர்             பிக்கப்
12.20pm    மர்ஃபி டவுன்         பிக்கப்
2:05 PM    சிவாஜி நகர்          பிக்கப்
9.30pm     கோரமங்களா         டிராப்
12:00 AM   எச்.எஸ்.ஆர். லேஅவுட்  டிராப்
12.15am    பொம்மனஹள்ளி       டிராப்
1:10 AM    எலக்ட்ரானிக் சிட்டி     டிராப்
```

எட்டே வரிதான், ஆனால் எழுதியிருக்கும் விதம் எத்தனை! சிலர் புள்ளி வைக்கிறார்கள், சிலர் முக்காற்புள்ளி. சிலர் am-ஐ ஒட்டி எழுதுகிறார்கள். நம்மூரில் "9.30" என்று புள்ளி வைத்து எழுதுவதுதான் பழக்கம், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஷீட்டுக்குப் புள்ளி என்றால் தசமம். am, pm இல்லாமல் 9.30 என்று மட்டும் ஒட்டினால் அது 9.3 என்ற எண்ணாகிவிடும், நேரம் என்றே அதற்குத் தெரியாது.

அதனால் ஒட்டுவதற்கு முன்னாலேயே நேரம் வரும் காலத்தை, அதாவது ஷீட்டின் column-ஐ, தேர்ந்தெடுத்து, `Format` மெனுவில் `Number`, அதில் `Plain text` என்று வைத்துவிடுங்கள். எக்செல்லில் இதன் பெயர் `Text`. இதைச் செய்யாவிட்டால் பாதி வரிகளை ஷீட் தானாகவே நேரமாக மாற்றிவிடும், பாதி வரிகள் எழுத்தாகவே நிற்கும். அந்தக் கலவையில் எந்த ஃபார்முலாவும் ஒழுங்காக ஓடாது. எல்லாம் ஒரே மாதிரி எழுத்தாக இருக்கட்டும், மாற்றும் வேலையை நாம் பார்த்துக்கொள்ளலாம்.

காலங்களை இப்படி வைக்கிறேன்: A-இல் ஷிஃப்ட் தேதி, B-இல் வந்த நேரம், C-இல் மாற்றிய நேரம், D-இல் தேதியும் நேரமும் சேர்ந்தது. C2-இல் இதைப் போடுங்கள்:

```
=TIMEVALUE(TRIM(SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(
  UPPER(B2),".",":"),"AM"," AM"),"PM"," PM")))
```

பார்க்க நீளமாக இருந்தாலும் உள்ளிருந்து வெளியே படித்தால் புரிந்துவிடும். எல்லா எழுத்தையும் பெரிய எழுத்தாக்குகிறது, புள்ளியை முக்காற்புள்ளி ஆக்குகிறது, AM, PM-க்கு முன்னால் ஓர் இடைவெளி சேர்க்கிறது. ஏற்கெனவே இடைவெளி இருந்த வரிகளில் இரண்டு இடைவெளி ஆகிவிடும், அதை `TRIM` ஒன்றாக்குகிறது. கடைசியில் `TIMEVALUE` அந்த எழுத்தை நேரமாக மாற்றுகிறது. 12 விஷயத்தை அதுவே சரியாகப் பார்த்துக்கொள்ளும்.

C-இல் முதலில் 0.236 போன்ற எண்கள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஷீட்டில் நேரம் என்பது ஒரு நாளின் பின்னம். நள்ளிரவு 0, காலை 6 மணி 0.25, நண்பகல் 0.5, மாலை 6 மணி 0.75. அந்தக் காலத்துக்கு `hh:mm` என்ற வடிவத்தைக் கொடுத்தால் 24 மணிக் கணக்கில் தெரியும். கூகுள் ஷீட்ஸில் இது `Format`, `Number`, `Custom number format` என்ற வழியில் இருக்கிறது. கடைசியில் `AM/PM` சேர்த்தால் மட்டுமே அது 12 மணிக் கணக்குக்குத் திரும்பும்.

நம் பட்டியல் இப்போது வரிசையாக 05:40, 11:50, 12:20, 14:05, 21:30, 00:00, 00:15, 01:10 என்று வர வேண்டும்.

யாராவது "p.m." என்று நடுவில் புள்ளி வைத்து அனுப்பினால் மேலே உள்ள ஃபார்முலா அதை "P:M:" ஆக்கிவிட்டு `#VALUE!` காட்டும். முதலில் `Find and replace`-இல் p.m. என்பதை pm ஆகவும், a.m. என்பதை am ஆகவும் மாற்றிவிட்டு வாருங்கள். பார்க்க எல்லாம் சரியாக இருந்தும் ஒரு வரி மட்டும் `#VALUE!` என்று அடம்பிடித்தால், அது வேறு எங்கிருந்தோ காப்பி செய்யப்பட்டு, நடுவில் சாதாரண இடைவெளிக்குப் பதில் வேறொரு இடைவெளி உட்கார்ந்திருக்கலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, `TRIM`-உம் அதை எடுக்காது. `UPPER(B2)` இருக்கும் இடத்தில் `UPPER(SUBSTITUTE(B2,CHAR(160)," "))` என்று போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதற்கும் அடங்காவிட்டால் அந்த ஒரு வரியைக் கையால் அடித்துவிடுங்கள், அதற்காக அரை மணி நேரம் செலவழிக்க வேண்டியதில்லை.

காலை, மதியம், இரவு என்று வந்தால்

செக்யூரிட்டியும் டிரைவர்களும் எழுதித் தரும் நோட்டில் AM, PM இருக்காது. "காலை 5.40", "மதியம் 12.20", "இரவு 9.30", "இரவு 12.15" என்றுதான் இருக்கும். இதில் இரவுதான் கவனிக்க வேண்டியது. இரவு 9.30 PM, ஆனால் இரவு 12.15-உம் இரவு 1.10-உம் AM. ஒரே சொல்லுக்கு இரண்டு பதில். பெங்களூருவில் கன்னடத்தில் சொன்னாலும் இந்தியில் சொன்னாலும் இதே கதைதான், "ராத்திரி" என்பது நடு இரவைத் தாண்டியும் நீள்கிறது.

எனவே "இரவு என்றால் PM" என்று மொத்தமாக மாற்றிவிடக் கூடாது. மணியையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். மணி B-இலும், நிமிடம் C-இலும், காலை, இரவு போன்ற சொல் D-இலும் தனித்தனியாக இருக்கும் ஒரு ஷீட்டில் இரவு வரிகளுக்கு இப்படி எழுதலாம். இதை E-இல் போடுங்கள்:

```
=IF(OR(B2=12,B2<6),"AM","PM")
```

காலை, அதிகாலை, விடியற்காலை எல்லாம் AM. மாலை, சாயங்காலம் எல்லாம் PM. மதியம் 12 முதல் 3 வரை PM. "பகல்" மட்டும் கொஞ்சம் இழுக்கும்: பகல் 11 AM, பகல் 12 PM. இவற்றை E-இல் கையால் நிரப்பினாலும் தப்பில்லை. அப்புறம் அதே இரண்டு படி:

```
=TIME(MOD(B2,12)+IF(E2="PM",12,0),C2,0)
```

`MOD(B2,12)` என்பது 12-ஆல் வகுத்து மீதியை எடுப்பது. 12-க்கு மீதி 0, 9-க்கு மீதி 9. முதல் படியை அது பார்த்துக்கொள்கிறது, `IF` இரண்டாவது படியை.

தேதி எங்கே போனது

மணியைச் சரியாக மாற்றிவிட்டு அதோடு நின்றுவிட்டால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. நம் பட்டியல் செவ்வாய்க்கிழமை ஷிஃப்டுடையது. ஆனால் 00:15-க்குப் பொம்மனஹள்ளி போகும் வண்டி காலண்டர்படி புதன்கிழமை, மார்ச் 12. டீம் லீடருக்கு அது செவ்வாய் ராத்திரி. ஏஜென்சி ஆப்பில் "11-03-2025, 00:15" என்று ஏற்றினால் அந்த வண்டி ஒரு நாள் முன்னாலேயே, திங்கள் ராத்திரி தாண்டியவுடன் வந்து கேட்டில் நிற்கும். மறுநாள் நடு ராத்திரியில் ஆள் நிற்பார், வண்டி இருக்காது.

ரயிலில் ஊருக்குப் போகிறவர்களுக்கு இது பழகிய விஷயம். டிக்கெட்டில் 15-ஆம் தேதி 00:10 என்றிருந்தால், 14-ஆம் தேதி ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். 15-ஆம் தேதி ராத்திரி ஸ்டேஷனுக்குப் போனால் வண்டி போய் ஏறக்குறைய ஒரு நாள் ஆகியிருக்கும்.

ஷீட்டில் இதைச் சரி செய்ய, உங்கள் டெஸ்க்கின் "நாள்" எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று முடிவு செய்ய வேண்டும். கடைசி டிராப்புக்கும் முதல் பிக்கப்புக்கும் நடுவில் வண்டியே ஓடாத ஒரு நேரம் இருக்கும். நம் பட்டியலில் கடைசி டிராப் 01:10, முதல் பிக்கப் 05:40. நடுவில் 4 மணியை எல்லையாக வைக்கலாம். 4 மணிக்கு முன்னால் உள்ளதெல்லாம் அடுத்த தேதி. முதல் ஷீட்டின் D2-இல்:

```
=A2+C2+IF(C2<TIME(4,0,0),1,0)
```

D காலத்துக்கு `dd-mm-yyyy hh:mm` என்ற வடிவம் கொடுங்கள். 9.30pm வரி 11-03-2025 21:30 என்றும், 12:00 AM வரி 12-03-2025 00:00 என்றும், 12.15am வரி 12-03-2025 00:15 என்றும் வரும். D-ஐ வைத்து வரிசைப்படுத்தினால் 05:40-இல் தொடங்கி 01:10-இல் முடியும், வண்டிகள் உண்மையில் ஓடும் அதே வரிசை. C-ஐ வைத்து வரிசைப்படுத்தினால் நள்ளிரவு வண்டிகள் மூன்றும் உச்சியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இருபத்து நாலு மணி நேரமும் இடைவெளியில்லாமல் வண்டி ஓடும் கம்பெனி என்றால் இந்த எல்லை உதவாது. 03:45 வண்டி நேற்றைய ஷிஃப்டின் டிராப்பா, இன்றைய ஷிஃப்டின் பிக்கப்பா என்று நேரத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அங்கே பிக்கப், டிராப் என்ற காலத்தையும் சேர்த்துத்தான் ஃபார்முலா எழுத வேண்டும்.

24:00 பற்றியும் ஒரு வார்த்தை. ஷிஃப்ட் "15:00 முதல் 24:00 வரை" என்று சிலர் எழுதுவார்கள். செவ்வாய் 24:00-உம் புதன் 00:00-உம் ஒரே நொடிதான். ஷிஃப்ட் முடியும் நேரத்தைப் படிக்க 24:00 வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் வண்டிப் பட்டியலில் அது வேண்டாம், பல ஆப்கள் அதை ஏற்காது. அடுத்த தேதியைப் போட்டு 00:00 என்று எழுதுங்கள்.

அனுப்பும் முன் எதைப் பார்க்க வேண்டும்

இந்த வேலையில் மோசமான தப்பு `#VALUE!` இல்லை, அதுவாவது கண்ணில் படும். மோசமானது சரியான நேரம் போலவே தோன்றும் தப்பு. பழைய "PM என்றால் 12 கூட்டு" விதியில் யாராவது ஃபார்முலா போட்டிருந்தால் 12.20pm வரி 24:20 ஆகும் என்று பார்த்தோம். ஷீட் அதைத் தப்பென்று சொல்லாது. ஒரு முழு நாளும் இருபது நிமிடமும் என்று எடுத்துக்கொண்டு, `hh:mm` வடிவத்தில் 00:20 என்று காட்டும். அதே ஃபார்முலாவில் 12.15am வரி 12:15 ஆகியிருக்கும். மர்ஃபி டவுன் மதியப் பிக்கப் நள்ளிரவுக்கும், பொம்மனஹள்ளி நள்ளிரவு டிராப் மதியத்துக்கும் இடம் மாறிவிட்டன. இரண்டுமே பார்ப்பதற்கு அழகான 24 மணி நேரங்கள், யாருக்கும் சந்தேகம் வராது.

இதைப் பிடிக்க எண்ணிப் பார்ப்பதுதான் வழி. வந்த பட்டியலில் 12-இல் தொடங்கும் AM வரிகள் எத்தனையோ, அத்தனை வரிகள்தான் மாற்றிய பட்டியலில் 00-இல் தொடங்க வேண்டும். 12-இல் தொடங்கும் PM வரிகள் எத்தனையோ, அத்தனைதான் 12-இல் தொடங்க வேண்டும். நம் பட்டியலில் முதலாவது இரண்டு, இரண்டாவது ஒன்று. எண்ணிக்கை மட்டும் போதாது, எந்த வரி என்றும் பாருங்கள், ஏனென்றால் ஒரு AM-உம் ஒரு PM-உம் இடம் மாறினால் எண்ணிக்கை அப்படியே இருக்கும். பெரிய பட்டியல் என்றால் பக்கத்தில் ஒரு காலத்தில் இதைப் போட்டு இழுத்துவிடுங்கள்:

```
=AND(C2<1,(C2>=0.5)=ISNUMBER(SEARCH("pm",B2)))
```

நண்பகல் 0.5 என்று சொன்னேன் அல்லவா, PM என்றிருந்தால் நேரம் 0.5 அல்லது அதற்கு மேல், AM என்றால் அதற்குக் கீழே இருக்க வேண்டும். எதுவாக இருந்தாலும் 1-ஐத் தொடக் கூடாது. `FALSE` என்று வரும் வரியை மட்டும் திறந்து பார்த்தால் போதும்.

கொஞ்சம் பைத்தான் தெரிந்தவர்கள் ஷீட்டை விட்டுவிட்டு அதில் எழுதப் பார்ப்பார்கள். நல்லதுதான், ஆனால் அங்கேயும் சத்தமில்லாத ஒரு பள்ளம் இருக்கிறது.

```python
from datetime import datetime
t = datetime.strptime("09:30 PM", "%I:%M %p")
print(t.strftime("%H:%M"))   # 21:30
```

படிக்கும் இடத்தில் `%I` இருக்க வேண்டும். அங்கே `%H` என்று எழுதிவிட்டால் `%p` கண்டுகொள்ளப்படாது. பிழை எதுவும் காட்டாமல் 09:30 என்றே வெளியே வரும், ராத்திரி வண்டி காலைக்குப் போய்விடும். `%H` எழுதும் இடத்துக்கு மட்டும்.

கடைசியாக ஏஜென்சிக்கு அனுப்பும் சி.எஸ்.வி. ஃபைல். அவர்கள் ஆப் 00:15 என்று நான்கு இலக்கமும் கேட்டால், C-ஐ அப்படியே அனுப்பாமல் `=TEXT(C2,"hh:mm")` என்று எழுத்தாக மாற்றிய காலத்தை வையுங்கள். ஃபைலை இறக்கிய பிறகு "ஒரு தடவை பார்த்துவிடலாம்" என்று எக்செல்லில் திறந்து சேமிக்க வேண்டாம். அது 00:15-ஐ 0:15 ஆகவும், 05:40-ஐ 5:40 ஆகவும் சுருக்கி எழுதிவிடும், ஆப் அந்த வரிகளை மட்டும் தள்ளிவிடும். பார்த்தே ஆக வேண்டும் என்றால் நோட்பேடில் திறந்து பாருங்கள், அங்கே ஃபைலில் உள்ளது உள்ளபடி தெரியும்.